நேரமில்லாதவர் பங்கு வாங்குவதா, ஃபண்டில் போடுவதா? காரைக்குடிப் பக்கம் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காரைக்குடியில் ஜவுளிக்கடை வச்சிருக்கேன். மாசம் பத்தாயிரம் ஒதுக்க முடியும். கடையை அடைச்சுட்டு வீட்டுக்கு வர ராத்திரி பத்து மணி ஆயிடும். நேரடியா பங்கு வாங்கலாமா, ஃபண்டா?

ஃபண்ட். அதிலும் நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட், அதாவது நிஃப்டி 50 பட்டியலில் உள்ள ஐம்பது பெரிய கம்பெனிகளின் பங்கை அப்படியே வாங்கி வைக்கும் மியூச்சுவல் ஃபண்ட். இதைத் தயங்காமல் சொல்லக் காரணம் உங்கள் திறமை பற்றிய சந்தேகம் இல்லை, உங்கள் நேரம்தான்.

பங்கு வாங்குவது இரண்டு நிமிட வேலை. போனில் ஒரு பட்டன். உண்மையான வேலை வாங்கிய பிறகுதான் ஆரம்பிக்கிறது. ஒரு கம்பெனி மூன்று மாதத்துக்கு ஒருமுறை முடிவுகளை வெளியிடும். லாபம் கூடியதா குறைந்ததா என்று மட்டும் பார்த்தால் போதாது; லாபம் பணமாக வந்து சேர்ந்ததா, கடன் ஏறியிருக்கிறதா, முதலாளிகள் தங்கள் பங்கை அடகு வைத்திருக்கிறார்களா, ஆடிட்டர் நடுவில் விலகினாரா என்றெல்லாம் பார்க்க வேண்டும். வருடத்துக்கு ஒருமுறை இருநூறு முந்நூறு பக்கத்தில் ஆண்டறிக்கை வரும். ஆபத்தை ஓரளவு பரப்ப பதினைந்து கம்பெனியாவது வேண்டும் என்று வைத்துக்கொள்வோம். காலாண்டு முடிவுக்கு ஒரு மணி நேரம், ஆண்டறிக்கைக்கு ஐந்து மணி நேரம் என்று குறைத்துப் போட்டாலும் வருடத்துக்கு 60 மணியும் 75 மணியும் சேர்ந்து 135 மணி நேரம். வாரம் இரண்டரை மணி நேரத்துக்கு மேல், தீபாவளி வியாபார வாரத்திலும் விடாமல்.

அந்த நேரம் இருந்து, அதில் ஆசையும் இருந்தால் பங்கு வாங்குவது நல்ல காரியம். நேரம் இல்லாமல் வாங்கினால், யாரோ சொன்னதைக் கேட்டு வாங்கி, யாரோ சொன்னதைக் கேட்டு விற்பதாகத்தான் முடியும்.

பெரிய கம்பெனி, பழைய கம்பெனி, நம்ம ஊர்க்காரங்களுக்குத் தெரிஞ்ச பேங்க், இப்படி நாலஞ்சு வாங்கிப் போட்டு மறந்துடலாமே?

இந்தக் கேள்விக்குக் கொஞ்சம் விரிவாகப் பதில் சொல்ல வேண்டும். ஏனென்றால் நம் பக்கம் பணம் போனது பெரும்பாலும் இந்த வழியில்தான்.

லட்சுமி விலாஸ் வங்கியை எடுத்துக்கொள்ளுங்கள். 1926-ல் கரூரில் தொடங்கியது. தமிழ்நாட்டு வியாபாரக் குடும்பங்களுக்கு நன்கு பழக்கமான பெயர். கணக்கு வைத்திருந்தவர்களே பங்கும் வைத்திருந்தார்கள். 2017 டிசம்பரில் இந்த வங்கி தன் பங்குதாரர்களுக்கு உரிமைப் பங்கு கொடுத்தது, விலை 122 ரூபாய். ஆயிரம் பங்கு வாங்கியவர் 1,22,000 ரூபாய் போட்டார்.

அப்புறம் நடந்தது எதுவும் ரகசியமாக நடக்கவில்லை. 2017-18-ல் நஷ்டம், அடுத்த வருடம் இன்னும் பெரிய நஷ்டம், அதற்கடுத்த வருடமும் நஷ்டம். வாராக்கடன் ஏறியது. 2019 செப்டம்பரில் ரிசர்வ் வங்கி இதை உடனடித் திருத்த நடவடிக்கையின் கீழ் கொண்டுவந்தது. அதாவது இஷ்டப்படி கடன் கொடுக்க முடியாது என்று கட்டுப்பாடு. அடுத்த மாதமே, ஒரு வீட்டுக்கடன் நிறுவனத்தோடு இணையக் கேட்டிருந்த அனுமதியை ரிசர்வ் வங்கி மறுத்தது. 2020 செப்டம்பரில் பங்குதாரர்களே கூட்டத்தில் வாக்களித்து நிர்வாக இயக்குநர் உள்பட ஏழு இயக்குநர்களை வெளியே அனுப்பினார்கள். 2020 நவம்பர் 17-ல் ஒருவர் 25,000 ரூபாய்க்கு மேல் எடுக்க முடியாது என்ற தடை வந்தது. நவம்பர் 27-ல் வங்கி டி.பி.எஸ். வங்கியோடு இணைக்கப்பட்டது. டெபாசிட் போட்டவர்களுக்குப் பணம் பத்திரமாக இருந்தது. பங்குதாரர்களின் மூலதனம் முழுவதும் கணக்கிலிருந்து நீக்கப்பட்டது. ஆயிரம் பங்கின் மதிப்பு பூஜ்யம். பாதியோ கால்வாசியோகூட மிஞ்சவில்லை.

இதில் கவனிக்க வேண்டியது, அறிக்கைகளைப் படித்துக்கொண்டிருந்தவருக்கு வெளியேற இரண்டு வருடத்துக்கு மேல் அவகாசம் இருந்தது. நஷ்டத்தோடுதான் வெளியேறியிருப்பார், ஆனால் கையில் ஏதாவது இருந்திருக்கும். "வாங்கிப் போட்டு மறந்தவருக்கு" அந்த அவகாசமே தெரியாது. விலை இறங்கும்போது "சராசரி பண்ணலாம்" என்று மேலும் வாங்கியவர்கள்தான் அதிகம் இழந்தார்கள்.

ஐந்து கம்பெனியில் லட்சம் லட்சமாகப் போட்டு ஒன்று இப்படிப் போனால், ஐந்து லட்சம் நாலு லட்சமாகிறது. மீதி நாலும் 25 சதவீதம் ஏறினால்தான் போட்ட முதலே திரும்ப வரும். வருடத்துக்கு 12 சதவீதம் வளர்ந்தாலும் அதற்கே இரண்டு வருடம் ஆகும்.

சரி, அது சின்ன பேங்க். நிஃப்டியில இருக்கிற பெரிய கம்பெனி அப்படிப் போகுமா? போனா ஃபண்டுக்கும் அதே நஷ்டம்தானே?

பெரியதும் போகும். யெஸ் பேங்க் நிஃப்டி 50-ல் இருந்த வங்கி. 2018 ஆகஸ்டில் அதன் பங்கு 400 ரூபாயை ஒட்டி விற்றது. 2020 மார்ச் 5-ல் அதற்கும் பணம் எடுக்கத் தடை வந்தது. மீட்புத் திட்டத்தில் ஸ்டேட் பேங்க் முதலியவை புதிய பங்குகளை வாங்கிய விலை 10 ரூபாய். நூறு பங்குக்கு மேல் வைத்திருந்தவர்களின் பங்கில் 75 சதவீதத்தை மூன்று வருடம் விற்க முடியாது என்று முடக்கியும் வைத்தார்கள். இந்த முடக்கத்தில் இண்டெக்ஸ் ஃபண்டுகளும் மாட்டின. அதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் மாட்டிய அளவைப் பாருங்கள். நிஃப்டியில் ஒவ்வொரு கம்பெனிக்கும் அதன் சந்தை மதிப்பை ஒட்டி ஒரு எடை உண்டு. பங்கு விலை இறங்க இறங்க எடையும் தானாகக் குறையும். உங்கள் ஐந்து லட்சத்தில் ஒரு கம்பெனிக்கு இரண்டு சதவீத எடை இருந்து அது அடியோடு போனால் உங்களுக்கு நஷ்டம் பத்தாயிரம். தனிப்பங்கில் அதுவே ஒரு லட்சம். அதோடு, வருடத்துக்கு இரண்டு முறை, மார்ச்சிலும் செப்டம்பரிலும், தேய்ந்த கம்பெனியை எடுத்துவிட்டு வளர்ந்த கம்பெனியைச் சேர்க்கிறார்கள். யெஸ் பேங்கை மார்ச் 2020-லேயே நீக்கிவிட்டார்கள். அந்த வேலைக்கு உங்கள் ஞாயிற்றுக்கிழமை தேவைப்படவில்லை.

ஒன்றை மட்டும் ஃபண்ட் தடுக்காது. மொத்தச் சந்தையும் விழுந்தால் ஃபண்டும் விழும். 2020 ஜனவரி நடுவில் 12,362-ல் முடிந்த நிஃப்டி மார்ச் 23-ல் 7,610-க்கு வந்தது. பத்து வாரத்தில் 38 சதவீதம். அதே வருடம் நவம்பரில் பழைய உயரத்தைத் தாண்டியது, ஆனால் எல்லாச் சரிவும் எட்டு மாதத்தில் மீளும் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது. அதனால் மூன்று வருடத்தில் மகள் கல்யாணத்துக்கோ வீட்டு ஓடு மாற்றவோ வேண்டிய பணத்தை இதில் போடாதீர்கள். அது டெபாசிட்டிலேயே இருக்கட்டும்.

எங்க ஐயா அந்தக் காலத்துல வாங்கிப் பெட்டியில போட்ட பங்குப் பத்திரம் இன்னைக்கு லட்சக்கணக்கில் போகுது. அவர் எந்த அறிக்கையைப் படிச்சார்?

பெட்டியில் இன்றைக்கும் மதிப்புள்ள பத்திரம் கிடைத்தால் அது குடும்பமே பேசும் செய்தி ஆகிறது. அதே பெட்டியில் மூடிப்போன ஆலையின் பத்திரமும் இருந்திருக்கும். அதைச் செல்லாத காகிதம் என்று எப்போதோ கழித்திருப்பார்கள். ஐயா மொத்தம் எத்தனை கம்பெனியில் போட்டார், எத்தனை மிஞ்சியது என்ற கணக்கு கையில் இல்லாமல், மிஞ்சியதை மட்டும் வைத்து அந்த வழி நல்ல வழி என்று சொல்ல முடியாது.

கிடைத்த பத்திரத்தை விட்டுவிட வேண்டாம், அது தனி வேலை. 2019 ஏப்ரலிலிருந்து காகிதப் பத்திரமாகப் பங்கைக் கைமாற்ற முடியாது. பங்கை மின்னணு வடிவில் வைத்திருக்கும் டீமேட் கணக்கில் ஏற்றியாக வேண்டும். முதலில் அந்தக் கம்பெனி இன்று என்ன பெயரில் இருக்கிறது, அதன் பங்குப் பதிவாளர் யார் என்று கண்டுபிடித்து, பத்திரத்தில் உள்ள ஃபோலியோ எண்ணைச் சொல்லி எழுதுங்கள். ஏழு வருடம் தொடர்ந்து டிவிடெண்ட் வாங்காமல் விட்டிருந்தால் அந்தப் பங்கே அரசின் முதலீட்டாளர் கல்வி, பாதுகாப்பு நிதிக்குப் போயிருக்கும். அப்போதும் இழந்ததாகாது, IEPF-5 படிவம் கொடுத்து வாரிசு மீட்கலாம்.

நம் பக்கம் இதில் அதிகம் இழுப்பது பெயர்தான். பத்திரத்தில் விலாச எழுத்துகளோடு ஒரு விதமாகவும், பான் அட்டையில் வேறு விதமாகவும் இருக்கும். சுவீகாரம் போனவர் என்றால் இன்னும் சிக்கல், தகப்பனார் பெயரே மாறியிருக்கும். சுவீகாரப் பத்திரமும், இரண்டு பெயரும் ஒருவரே என்ற உறுதிமொழிப் பத்திரமும் முதலிலேயே தயார் செய்துகொண்டு போனால் பாதி அலைச்சல் குறையும்.

வட்டித் தொழில் செய்து கணக்கு எழுதிப் பழகின ஊர் நம்ம ஊர். நம்ம பணத்தை இன்னொருத்தர் கையில கொடுத்துட்டு சும்மா இருக்கணுமா?

பர்மாவிலும் மலேயாவிலும் வட்டிக்கடை நடத்திய நம் செட்டியார் முதலாளிகள் எல்லோரும் அங்கே போய் உட்காரவில்லை. ஏஜெண்டை அனுப்பினார்கள். பெரும்பாலும் மூன்று வருடத் தவணை, சம்பளம் இவ்வளவு, கணக்கு ஊருக்கு வந்துவிட வேண்டும் என்று விதி வைத்திருந்தார்கள். பணத்தை அடுத்தவர் நிர்வகிப்பது நமக்குப் புதிது இல்லை. விதியும் கணக்கும் இருக்கிறதா என்பதுதான் விஷயம். ஃபண்டில் அது இருக்கிறது. உங்கள் பணத்தில் வாங்கிய பங்குகள் ஃபண்ட் கம்பெனியின் சொத்து இல்லை. அறக்கட்டளை அமைப்பில், தனிப் பாதுகாவலர் நிறுவனத்திடம் இருக்கும். எந்தப் பங்கு எவ்வளவு வைத்திருக்கிறார்கள் என்று மாதாமாதம் வெளியிட வேண்டும். இண்டெக்ஸ் ஃபண்டில் மேலாளர் தன் விருப்பப்படி பங்கு தேர்ந்தெடுக்கவே முடியாது.

பர்மாவிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள வேண்டியது வேறொன்று. 1930-களில் நெல் விலை விழுந்ததும் கடனுக்கு ஈடாக நிலம் நிலமாக வந்து சேர்ந்தது. கீழ்ப் பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் ஏறக்குறைய கால்வாசி நிலம் செட்டியார்கள் கைக்கு வந்தது. ஒரே நாடு, ஒரே பயிர். 1942-ல் ஜப்பான் படை வந்தது, பிறகு நிலம் தேசியமயம் ஆனது. எவ்வளவு கெட்டிக்காரர்கள், எவ்வளவு சுத்தமான கணக்கு! இருந்தும் எல்லாம் ஒரே இடத்தில் இருந்ததால் போனது. நாலஞ்சு பங்கு வைத்திருப்பவரின் ஆபத்தும் அதே வகைதான்.

ஃபண்டே ஆயிரக்கணக்கில் இருக்கு. பேங்குல ஒண்ணு சொல்றாங்க, தெரிஞ்சவர் ஒண்ணு சொல்றார். எதை எடுக்கிறது?

முதல் ஃபண்டுக்கு மூன்றே மூன்று பாருங்கள்: நிஃப்டி 50 இண்டெக்ஸ் ஃபண்ட், நடுவில் கமிஷன் இல்லாத நேரடித் திட்டம் (திரையில் Direct என்று இருக்கும்), லாபத்தைப் பிரித்துக் கொடுக்காமல் உள்ளேயே வளரவிடும் வளர்ச்சி வகை (திரையில் Growth என்று இருக்கும்). எல்லா நிறுவனத்தின் நிஃப்டி ஃபண்டும் அதே ஐம்பது பங்கைத்தான் வாங்குகிறது. வேறுபடுவது செலவு விகிதமும், இண்டெக்ஸிலிருந்து எவ்வளவு பின்தங்குகிறது என்பதும்தான். நேரடித் திட்டத்தில் செலவு விகிதம் 0.2 சதவீதம் அளவில் கிடைக்கிறது, அதாவது லட்சத்துக்கு வருடம் 200 ரூபாய்.

வங்கியில் சொல்வது பெரும்பாலும் மேலாளர் பங்கு தேர்ந்தெடுக்கும் ஃபண்டின் ரெகுலர் திட்டம். அதில் ஒவ்வொரு வருடமும் உங்கள் மொத்தத் தொகையிலிருந்து ஒரு பகுதி விற்றவருக்குக் கமிஷனாகப் போகும். வித்தியாசம் ஒரு சதவீதம் என்று வைத்துப் பாருங்கள். மாதம் பத்தாயிரம், இருபது வருடம், போட்டது 24 லட்சம். கணக்குக்காக 11 சதவீத வளர்ச்சி என்றால் சுமார் 87 லட்சம் ஆகும். 10 சதவீதம் என்றால் 76.5 லட்சம். ஒரு சதவீதம் பத்து லட்சத்துக்கு மேல் சாப்பிடுகிறது. உங்களுக்கு நிஜமாகவே வழிகாட்டி, சந்தை விழும்போது பயந்து விற்காமல் தடுக்கும் ஒருவர் இருந்தால் அந்தக் கமிஷன் நியாயம். கையெழுத்து வாங்கியபின் போனே எடுக்காதவருக்குக் கொடுக்க வேண்டாம்.

தொடங்க பான், ஆதார், வங்கிக் கணக்கு போதும், டீமேட் தேவையில்லை. கே.ஒய்.சி. முடித்து, மாதத் தவணைக்கு வங்கியில் தானியங்கி அனுமதி கொடுங்கள். கடைக்காரர்கள் தேதியை யோசித்து வையுங்கள். சரக்குக்குக் காசோலை போகிற வாரத்தில் தவணையும் விழுந்தால், கணக்கில் பணம் இல்லாமல் திரும்பி வங்கி அபராதம் பிடிக்கும்.

வரி எதுல குறைவு?

விகிதம் இரண்டுக்கும் ஒன்றே. ஒரு வருடத்துக்கு மேல் வைத்து விற்றால், நிதியாண்டில் 1.25 லட்சம் வரை லாபத்துக்கு வரி இல்லை, அதற்கு மேல் 12.5 சதவீதம். ஒரு வருடத்துக்குள் விற்றால் 20 சதவீதம். 2024 ஜூலை 23 முதல் இப்படி. ஆனால் நீங்களே பங்கை மாற்றி மாற்றி வாங்கினால் ஒவ்வொரு விற்பனை லாபத்துக்கும் கணக்கு எழுத வேண்டும். ஃபண்டுக்குள் பங்கு மாறினால் உங்களுக்கு வரி இல்லை, நீங்கள் யூனிட்டை விற்கும்போதுதான்.

எல்லாம் புரியுது. இருந்தாலும் ரெண்டு பங்கு சொந்தமா வாங்கிப் பார்க்க ஆசை.

வாங்குங்கள். மொத்த முதலீட்டில் பத்து சதவீதத்துக்கு மேல் போகாமல், ஃபண்ட் தவணையை நிறுத்தாமல். உங்கள் கடைக்குச் சரக்கு அனுப்பும் கம்பெனிகளில் பட்டியலிடப்பட்டது இருந்தால் அதிலிருந்து தொடங்கலாம். சரக்கு நேரத்துக்கு வருகிறதா, டீலரிடம் சலுகை கூட்டுகிறார்களா என்பது அறிக்கை வருவதற்கு முன்பே உங்களுக்குத் தெரியும். வாங்கும் அன்றே ஒரு நோட்டில் ஏன் வாங்குகிறீர்கள், எது நடந்தால் விற்பீர்கள் என்று எழுதிவையுங்கள். லாபம் காட்டியும் பணம் வராமல் இருப்பது, முதலாளி அடகு கூடுவது, ஆடிட்டர் விலகுவது, இதில் ஒன்று வந்தால் விலை என்னவாக இருந்தாலும் வெளியே வந்துவிடுங்கள்.

ஆயிரம் ரெண்டாயிரத்துக்கு விற்பதைத் தவிருங்கள். ஒரு கம்பெனிப் பங்கை விற்கும் ஒவ்வொரு நாளும் டீமேட்டில் பத்துப் பதினைந்து ரூபாய்க்கு மேல் கட்டணம் பிடிப்பார்கள். ஆயிரம் ரூபாய்க்கு அதுவே ஒரு சதவீதம் தாண்டும். மூன்று வருடம் கழித்து உங்கள் பங்குகளை, டிவிடெண்டையும் சேர்த்து, அதே தேதிகளில் ஃபண்டில் போட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று ஒப்பிடுங்கள். ஃபண்டை விடக் குறைவு என்றால் அந்த நேரத்தைக் கடைக்குக் கொடுப்பதே லாபம்.

பையன் சிங்கப்பூர்ல, பொண்ணு சென்னையில. நாளைக்கு எனக்கு ஒண்ணு ஆனா, எங்கே என்ன இருக்குன்னு யாருக்கும் தெரியாதே?

ஃபண்டிலும் டீமேட்டிலும் நாமினி பெயரை இன்றைக்கே பதியுங்கள், பான் அட்டையில் இருக்கும் அதே எழுத்தில். நாமினி என்பவர் பணத்தைப் பெற்றுக்கொள்ளும் பொறுப்பாளர் மட்டுமே. அதைப் பிரித்துக்கொள்வது வாரிசு உரிமைப்படியோ உயில்படியோதான். ஒருவருக்குத் தனியாகக் கொடுக்க நினைத்தால் உயில் எழுதுங்கள்.

உங்கள் பான் எண்ணில் உள்ள ஃபண்டும் டீமேட் பங்கும் சேர்ந்து ஒரே ஒருங்கிணைந்த கணக்கு அறிக்கையாக மின்னஞ்சலுக்கு வரும். அது வரும் மின்னஞ்சல் எது, திறக்கும் கடவுச்சொல் எது என்று பிள்ளைகள் இருவருக்கும் சொல்லி வையுங்கள். பெரும்பாலும் உங்கள் பான் எண்ணே கடவுச்சொல். மகன் வெளிநாட்டில் இருப்பதால் அவர் பெயருக்கு யூனிட் மாறும்போது அவருக்கு இங்கே வெளிநாடு வாழ் இந்தியர் வங்கிக் கணக்கும் கே.ஒய்.சி.யும் வேண்டியிருக்கும். அடுத்த முறை படைப்புக்கோ கல்யாணத்துக்கோ ஊருக்கு வரும்போது அதை முடித்துவிடச் சொல்லுங்கள்.